அஞ்சு கண்ணாடிக்கு ஆறு கம்பு

வா மருமவனே, வா. அந்த பெஞ்சுல உக்காரு. ஒரகடத்துல மாடி கட்டறியாமே. கீழ கடை, மேல மெஸ்ஸு, ரோட்டுப் பக்கம் செங்கல்லே கிடையாது, பூரா கண்ணாடின்னு உங்கம்மா நேத்து வந்து பெருமையா சொல்லிட்டுப் போச்சு. நல்ல யோசனைதான். சாப்பிடறவன் டிரெய்லர் லாரியை எண்ணிக்கினே சாம்பார் ஊத்திக்குவான். சாம்பார்ல பருப்பு எங்கன்னு தேட மாட்டான்.

கணக்கும் போட்டுட்டியாமே, போன்லயே. எடு பார்க்கலாம். சுவருல விட்ட இடம் 6000 மில்லிமீட்டர் அகலம், 2400 உயரம். பெருக்கினா 14.4 சதுர மீட்டர். கடையில விக்கற சீட்டு 3660-க்கு 2440, அது 8.93 சதுர மீட்டர். அதால இதை வகுத்தா 1.6. ஆக ரெண்டு சீட்டு வாங்கினா மிச்சமே வரும். ஆகா! காரு கம்பெனியில குவாலிட்டி பார்க்கறவன்னா சும்மாவா. ஒண்ணு மட்டும் சொல்லு. கண்ணாடியைக் காய்ச்சி ஊத்தப் போறியா, இல்ல துண்டு துண்டா நிறுத்தப் போறியா? மாவு பிசைஞ்சு வழிச்சு ஒட்டறதா இருந்தா உன் கணக்கு சரி. நிறுத்தறதா இருந்தா பரப்பளவு எதுக்குமே உதவாது. எந்தத் துண்டு எதுக்குள்ள அடங்கும்னுதான் பார்க்கணும்.

டீ சொல்லு. ரெண்டா சொல்லு. இது நீண்ட கணக்கு.

முதல்ல அந்த 6000. யார் அளந்தது? மேஸ்திரியா? எப்போ, பூச்சுக்கு முன்னாடியா பின்னாடியா? முழிக்காதே. நான் இதுலயே பட்டவன். கல்யாணமான புதுசு. கண்ணாடிக் கட்டருல கை பழகிடுச்சு, தலையில கனம் ஏறிடுச்சு. ஒரு வீட்டு முகப்புக்குச் செங்கல்லு வச்ச உடனே டேப்பைப் போட்டு அளந்து, அன்னைக்கே மூணு டஃபன் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துட்டேன். அப்புறம் கொத்தனார் ரெண்டு பக்கமும் அரை அங்குலத்துக்கு மேல பூசினான். மொத்தத்துல ஒரு அங்குலத்துக்கு மேல இடம் போச்சு. கண்ணாடி வந்து இறங்குச்சு, உள்ள போகல. சாதாக் கண்ணாடின்னா கொஞ்சம் கீறி ஒடிச்சிருக்கலாம். டஃபனைத் தொட முடியாது. அது 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, சட்டுனு காத்தடிச்சுக் குளிர வச்ச சரக்கு. மேல் தோல் இறுகி, உள்ள இழுத்துக்கினு நிக்கும். கட்டரை வச்சா கல்கண்டு மாதிரி கொட்டிடும். வெட்டறது, ஓரம் தேய்க்கறது, ஓட்டை போடறது எல்லாம் உலைக்குப் போறதுக்கு முன்னாடியே முடியணும். அந்த மூணு கண்ணாடியும் எங்க போச்சுன்னு கேக்கறியா? கொல்லையில கோழிக் கூண்டைப் பார்த்திருக்கியே. ஊர்லயே எங்க சேவலுக்குத்தான் டஃபன் ஜன்னல்.

அதனால பூச்சு முடியட்டும், தரை போடட்டும், அப்புறம் அளவெடு. அகலத்தை மேல, நடுவுல, கீழ மூணு இடத்துல பிடி. உயரத்தையும் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் பிடி. மூணும் ஒண்ணா வராது. வந்தா டேப்பைத்தான் சந்தேகப்படணும். மூணுல எது சின்னதோ அதான் உன் அளவு. குறுக்கேயும் மூலைக்கு மூலை ரெண்டு தடவை பிடிச்சுப் பாரு. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா ஓட்டை கோணலா நிக்குதுன்னு அர்த்தம். ஓட்டை கோணலா இருக்கலாம். ஃபிரேம் கோணலா இருக்கக்கூடாது. கோணல் ஓட்டைக்குள்ள நேரான ஃபிரேம் அடங்கணும்னா இன்னும் கொஞ்சம் குறைக்கணும்.

இப்போதைக்கு உன் புண்ணியத்துல 6000-மும் 2400-மும் சின்ன அளவுன்னே வச்சுக்குவோம். ஃபிரேமை சுவரை உரசற மாதிரி செய்யாதே. சுத்தி 6 மில்லி விடு, நம்ம பாஷையில ரெண்டு நூல். என்ன நூலா? அங்குலத்துல எட்டுல ஒண்ணு மருமவனே. ஆசாரிக்கு அதான் மில்லிமீட்டர், உன் கணக்குல 3 மில்லின்னு வச்சுக்கோ. அந்த ரெண்டு நூல் சந்துலதான் பேக்கிங் போட்டு நிறுத்தி, சிலிகான் அடிச்சு அடைப்பாங்க. ஆக ஃபிரேமோட வெளி அளவு 5988-க்கு 2388.

இப்ப உன் ரெண்டாவது கணக்குக்கு வா. அஞ்சு கண்ணாடின்னு எழுதி, பக்கத்துல 1200-ன்னு போட்டிருக்க. 6000-ஐ அஞ்சால வகுத்திருக்க. கம்பு எங்கடா? அஞ்சு கண்ணாடியும் ஒண்ணு தோள் மேல ஒண்ணு கை போட்டுக்கினு நிக்குமா? வேலி போட்டவன் பேரன்டா நீ. அஞ்சு இடைவெளிக்கு ஆறு கால் நடணும்னு உங்க தாத்தாவுக்குத் தெரியும், அவரு பள்ளிக்கூடப் பக்கமே போனதில்ல.

அலுமினியத்துல நீ போடப் போறது ரெண்டரைக்கு ஒண்ணரை அங்குலப் பைப்பு. ஒண்ணரை அங்குல முகம் முன்னாடி தெரியும், அது 38 மில்லி. ஆறு கம்புக்கு 228. 5988-ல அதைக் கழிச்சா 5760. அஞ்சால வகுத்தா கம்புக்கும் கம்புக்கும் நடுவுல 1152. நீ எழுதின 1200 அதை விட 48 மில்லி பெருசு. அந்த அளவுக்கே கண்ணாடி வந்திருந்தா எங்க சேவலுக்கு மாடி வீடே கட்டியிருக்கலாம்.

அந்த 1152-ம் கண்ணாடி அளவு இல்ல. கண்ணாடி கம்பைத் தொடக்கூடாது. வெயில்ல அலுமினியம் நீளும், காத்துல ஃபிரேம் அசையும். இரும்போ அலுமினியமோ கண்ணாடி ஓரத்துல ஒரு இடத்துல குத்தினா போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ரெண்டு பக்கமும் நாலு மில்லியாவது விடணும். முன்னாலயும் பின்னாலயும் கிளிப்பு வந்து காடி மாதிரி பிடிச்சுக்கும், அந்தச் சந்து வெளியில தெரியாது. அடியிலயும் நேரா பைப்பு மேல உக்கார வைக்காதே. அகலத்துல கால் பாகத்துல ஒண்ணு, முக்கால் பாகத்துல ஒண்ணுன்னு ரெண்டு ரப்பர் கட்டை போட்டு, அது மேல நிறுத்து. ஆக 1152-ல 8 போனா 1144 அகலம். உயரத்துல 2388-ல மேல் பைப்பு, கீழ் பைப்பு ரெண்டுக்கும் 76, அப்புறம் 8, மிச்சம் 2304.

சரி, அஞ்சுதான்னு யார் சொன்னது? அஞ்சு விரல் இருக்கறதால அஞ்சா? இங்கதான் சீட்டைக் கேக்கணும். நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி.

நம்ம ஊர்லயே செயின்ட் கோபைன் ஆலை இருக்கு, 2000-ல ஓட ஆரம்பிச்சுது. மணலும் சோடாவும் சுண்ணாம்புக் கல்லும் உருகி, உருகின வெள்ளீயத்து மேல மிதந்துக்கினே ஆறு மாதிரி வரும். இங்கிலாந்துல பில்கிங்டன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சு 1959-ல வெளியில சொன்ன முறை அது. அந்த ஆத்துக்கு நீளம் முடிவே இல்ல. ராத்திரி பகல் நிக்காம ஓடும். ஆனா அகலத்துக்குக் கரை உண்டு. ரெண்டு கரையிலயும் உருளைப் பல்லு பதிஞ்ச ஓரத்தை வெட்டி, திரும்ப உலைக்கே அனுப்பிடுவாங்க. நடுவுல வர்ற சுத்தமான பாகத்தைத்தான் பன்னெண்டடிக்கு எட்டடி மாதிரி அளவுல வெட்டி, கண்ணாடிக் கடைக்கு நிக்க வச்சு ஏத்தறாங்க. அந்த 3660-க்கு 2440 அதான். ஏரிக்கரையில குடியிருந்தாலும் குடத்துலதான் மொள்ளணும். ஆலை பக்கத்துல இருக்குன்னு உனக்காகப் புதுசா ஒரு அளவு வெட்ட மாட்டான்.

இன்னொண்ணு, கண்ணாடியை யாரும் வெட்டறதில்ல. மண்ணெண்ணெய் தொட்டுக் கட்டரால கீறி ஒடிக்கறோம். மரத்தை அறுத்தா தூள் போகும். இதுல ஒரு மயிரிழையும் போகாது, அது லாபம். ஆனா கீறல் ஒரு ஓரத்துல ஆரம்பிச்சா எதிர் ஓரம் வரைக்கும் போயே ஆகணும். பாதியில நிறுத்தி வளைச்சு, எல் எழுத்து மாதிரி மூலையை எடுக்கறேன்னு நினைச்சா சீட்டு உன் பேச்சைக் கேக்காது, அது இஷ்டத்துக்கு ஓடும். அதனால காகிதத்துல கட்டம் போட்டுப் பொருத்தறப்போ ஒவ்வொரு கோடும் விளிம்புக்கு விளிம்பு போகுதான்னு பாரு. போகலைன்னா அந்தப் படம் சுவத்துல மாட்டத்தான் ஆகும்.

இப்ப பெருசாப் பார்க்கலாம். உன் பொண்டாட்டிக்குக் குறுக்கே கம்பு நிறைய இருந்தா பிடிக்காதாமே. மூணே கண்ணாடி போட்டுப் பாரு. நாலு கம்பு, 152 போகும். கணக்குப் போட்டா ஒரு கண்ணாடி 1937 அகலம், 2304 உயரம். சீட்டுல ஒண்ணு எடுத்த பின்னாடி 1723 தான் மிச்சம், இன்னொண்ணு வராது. திருப்பிப் போட்டாலும் வராது. மூணு கண்ணாடிக்கு மூணு சீட்டு. ஒவ்வொண்ணுலயும் பாதி வீண். இதுல 6 மில்லி கண்ணாடின்னா ஒரு துண்டு 67 கிலோ. மாடிப்படியில அதைத் தூக்கறவன் உங்க பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். எப்படி 67-ன்னு கேளு: ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லி தடிப்புக்கு ரெண்டரைக் கிலோ. ஆறு மில்லின்னா பதினஞ்சு கிலோ. இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோ, தள்ளுவண்டி கூலி பேசறப்போ உதவும்.

நாலு போட்டா ஒரு கண்ணாடி 1441 வரும். சீட்டுக்கு ரெண்டு. ரெண்டு சீட்டுல நாலும் கிடைச்சிடும். ஆனா ஒவ்வொரு சீட்டுலயும் ரெண்டரை அடி அகலத் துண்டு மிச்சமாகும். உதிரிக்கு ஒண்ணு கூட வராது.

அஞ்சு போட்டா 1144 மூணு தடவை 3432. சீட்டு 3660. ஓரத்துல பொரிஞ்ச விளிம்பை ஒதுக்க இடம் போக மூணும் சுகமா உக்காருது. ரெண்டு சீட்டுல ஆறு கிடைக்கும். உனக்கு வேண்டியது அஞ்சு. துண்டு ஒண்ணு 40 கிலோவுக்கு உள்ள, ரெண்டு பேரு உறிஞ்சான் வச்சுத் தூக்கிடுவாங்க. பார்த்தியா, நாலுக்கும் ரெண்டு சீட்டு, அஞ்சுக்கும் ரெண்டு சீட்டு. சீட்டைக் கேட்டா அதுவே உன்னை விட நல்லா முடிவு சொல்லிடும்.

இதுலயே ஒரு பொறி இருக்கு. பன்னெண்டடியை மூணால வகுத்தா நாலடி, 1220 தானேன்னு சில புத்திசாலிங்க நாலடிக்கே கண்ணாடி அமைப்பாங்க. 1220 மூணு தடவை 3660, சீட்டு முழுசா தீர்ந்துடும், ஒரு நூல் கூட மிச்சமில்ல. பொரிஞ்ச ஓரத்தை எங்க ஒதுக்குவே? டஃபனுக்கு ஓரம் தேய்க்கணும், அதுக்கும் கொஞ்சம் கூடவே வெட்டணும். மூணாவது துண்டு கால் அங்குலம் குறைஞ்சு போகும், ஆசாமி ரெண்டு துண்டோட வீட்டுக்குப் போவான். காகிதத்துல சரியா வகுபடற கணக்கை நம்பாதே. கடைக்காரன்கிட்ட அளவு சொல்றப்போ தேய்ச்சு முடிச்ச அளவா, வெட்டு அளவான்னும் சேர்த்துச் சொல்லு. சொல்லலைன்னா அவனுக்குத் தோணினதை எடுத்துக்குவான்.

போன வாரம் உயரத்தை அரை அடி ஏத்தலாமான்னு கேட்டியாம் மேஸ்திரிகிட்ட. ஏத்து, யார் வேண்டாம்னா. 2400 ஆனது 2550 ஆகும். பைப்பு, சந்து எல்லாம் போனா கண்ணாடி உயரம் 2454. சீட்டோட அகலம் 2440. பதினாலு மில்லி இடிக்குது. இப்ப உயரத்தை 3660 பக்கமா படுக்க வைக்கணும். அகலம் 2440-ல 1144 ரெண்டு வரும், அவ்வளவுதான். மிச்சம் விழற துண்டு 1206-க்கு 2440. அதுல மூணாவது கண்ணாடியை எடுக்கலாம்னு கை வைப்பே, அங்கயும் அதே பதினாலு மில்லி இடிக்கும். சீட்டுக்கு ரெண்டுன்னு ஆச்சு. அஞ்சுக்கு மூணு சீட்டு. அரை அடி ஆகாயத்துக்கு ஒரு முழு சீட்டு விலை. அந்த அரை அடியில எந்த நட்சத்திரம் தெரியப் போகுதுன்னு மருமவளைக் கேட்டுச் சொல்லு. உயரம் வேணும்னா மேல ஒரு குறுக்குக் கம்பு போட்டு, வெண்டிலேட்டர் மாதிரி தனியா ஒரு வரிசை வை. கீழ் வரிசை எட்டடிக்குள்ள அடங்கிடும். காத்தும் வரும்.

தடிப்பு எத்தனை மில்லின்னு என்கிட்ட கேக்காதே. 2016-ல வார்தா புயல் வந்தப்போ கண்ணாடி முகப்பெல்லாம் என்ன பாடுபட்டுதுன்னு நான் பார்த்தவன். துண்டு பெருசாக ஆக காத்துக்கு வளையறதும் ஜாஸ்தி. எவ்வளவு காத்துக்கு எவ்வளவு தடிப்புன்னு கணக்கிடறவன் என்ஜினியர், அதுக்கு அரசாங்கக் கோடு இருக்கு. நான் 6 மில்லின்னு சொன்னது கிலோ சொல்றதுக்காக. ஆனா தரையிலிருந்து எழும்பற கண்ணாடிக்குச் சாதா போடாதே. மெஸ்ஸுல கையில தட்டோட வர்றவன், கண்ணாடின்னு தெரியாம நேரா ரோட்டைப் பார்த்து நடப்பான். டஃபன்தான். கண் மட்டத்துல ஒரு பட்டையும் ஒட்டிடு.

டஃபன்னு ஆனதும் கூலியைச் சதுர அடியில கேப்பான். அங்கதான் என் வயசுக்கு மரியாதை. நிறைய கடையில அளவை மூணு அங்குலப் படியில மேல ஏத்தித்தான் பில்லு போடறாங்க. 45 அங்குலம்னா 45. அதுக்கு மேல ஒரு துளி இருந்தா 48. இப்ப உன் 1144-ஐ அங்குலமாக்கு. 45-க்கு மேல ஒரு மில்லி தொங்குது! அந்த ஒரு மில்லிக்காக மூணு அங்குலத்துக்குக் காசு. உயரம் 2304-க்கு 93 அங்குலம் போடுவான், அது எப்படியும் போகட்டும். 48-க்கு 93-ன்னா ஒரு கண்ணாடி 31 சதுர அடி. 45-க்கு 93-ன்னா 29-தான். அஞ்சுக்கு ஒம்பது பத்து சதுர அடி கூலி வித்தியாசம். எதுக்கு? அரை நூல் கூட இல்லாத ஒரு மில்லிக்கு.

அதனால 1143-ன்னு எழுது. பக்கத்துச் சந்து நாலுக்குப் பதிலா நாலரை ஆகும், கிளிப்பு மூடிக்கும், சாமிக்கே தெரியாது. கடைக்காரன் முகத்தை மட்டும் பாரு. மூணு அங்குலப் படியா ஆறு அங்குலப் படியான்னு அவனையே முதல்ல கேட்டுக்கோ, கடைக்குக் கடை வேற. அளவைச் சொல்லிட்டு அப்புறம் கேட்டா பதில் அவன் பக்கமா சாயும்.

இப்ப எழுது. ரெண்டு சீட்டு. ஒரு சீட்டுல மூணு, இன்னொண்ணுல ரெண்டு. எல்லாம் 1143-க்கு 2304, தேய்ச்சு முடிச்ச அளவு. அஞ்சையும் உலைக்கு அனுப்பு. ரெண்டாவது சீட்டுல மிச்சம் நாலரை அடிக்கு எட்டடி இருக்கும். அதை அஞ்சும் சுவத்துல நிக்கற வரைக்கும் வெட்டாதே, சாதாக் கண்ணாடியாவே பத்திரமா சாத்தி வை. உலையில ஒண்ணு உடைஞ்சாலோ, தூக்கறப்போ ஒண்ணு போனாலோ, அதுலருந்து ஆறாவதை எடுத்துக்கலாம்.

நின்னுட்டா? நின்னுட்டா அந்தத் துண்டு உனக்கு எதுக்கு? மெஸ்ஸுல இடத்தை அடைச்சுக்கினு கிடக்கும், பசங்க காலை வச்சுக்குவாங்க. உங்க அத்தை நவராத்திரி வருதுன்னா கொலு பொம்மைக்கு ஒரு ஷோகேஸ் வேணும்னு மூணு வருஷமா கேட்டுக்கினே இருக்கா. நாலடி அகலம், ஏழடி உயரம். அதுக்கு ஃபிரேம் நான் எப்பவோ அடிச்சு வச்சுட்டேன், கண்ணாடி மட்டும்தான் பாக்கி. நாலுக்கும் அஞ்சுக்கும் ரெண்டே சீட்டுன்னு ஆனப்போ அஞ்சுலயே நான் நின்னேனே, இப்பப் புரியுதா? சிரிக்காதே, டீ ஆறுது. காசு நீயே கொடுத்துடு.